நிஃப்டி ஆப்ஷன்களுக்கு ஒரு பேஆஃப் ஷீட் செய்த கதை

நாலு லெக் உள்ள ஒரு நிஃப்டி பொசிஷனைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். பிரேக்ஈவன் எங்கே, மோசமாகப் போனால் எவ்வளவு போகும். புரோக்கர் ஆப்பிலேயே இது தெரிகிறதே என்று கேட்பீர்கள். தெரிகிறதுதான். ஆனால் அங்கே ஒரு நேரத்தில் ஒரு வியூகத்தைத்தான் பார்க்க முடிகிறது, என் செலவுகளைச் சேர்த்துப் பார்க்க வழியில்லை, படத்தின் ஓரத்துக்கு அப்பால் என்ன ஆகும் என்பதும் தெரிவதில்லை. அதனால் கூகுள் ஷீட்ஸில் சொந்தமாக ஒன்று செய்தேன். இப்போது அது ஒழுங்காக ஓடுகிறது. செலவு ஒரு பைசா கூட இல்லை, நேரம்தான்.

முதலில் லெக்குகளை எழுதும் இடம். ஐந்தாம் வரிசை முதல் பத்தாம் வரிசை வரை ஆறு லெக்குக்கு இடம் விட்டேன். A-யில் வகை (`CE`, `PE`, `FUT`), B-யில் வாங்கியதா விற்றதா (`B`, `S`), C-யில் ஸ்ட்ரைக், D-யில் எத்தனை லாட், E-யில் பிரீமியம். ஃபியூச்சர் லெக்காக இருந்தால் C-யைக் காலியாக விட்டு, வாங்கிய அல்லது விற்ற விலையை E-யில் போட வேண்டும். F-இல் குறியோடு கூடிய லாட் எண்ணிக்கை வரும்:

```
=IF(B5="B",1,-1)*D5
```

லாட் அளவை ஃபார்முலாக்களுக்குள் எழுதாமல் `B1`-இல் தனியாக வைத்தேன். 2024-இல் 25 ஆக இருந்த நிஃப்டி லாட், அந்த ஆண்டு நவம்பருக்குப் பிறகு வந்த கான்ட்ராக்டுகளில் 75 ஆனது, 2026 தொடக்கத்திலிருந்து 65. ஃபார்முலாவுக்குள் 75 என்று எழுதி வைத்தவர்கள் எல்லாவற்றையும் தேடித் தேடி மாற்றியிருப்பார்கள். `B2`-இல் மொத்தச் செலவு ரூபாயில், `B3`-இல் ஸ்பாட்.

A-க்கும் B-க்கும் கீழிறங்கும் பட்டியல் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள ஃபார்முலாவை மறுபடி பாருங்கள், `B` இல்லாத எல்லாமே அதற்கு விற்பனைதான். எங்கிருந்தாவது ஒட்டும்போது `B`-க்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தால், வாங்கிய லெக் சத்தமில்லாமல் விற்ற லெக் ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் தப்பாக இருக்கும்.

அடுத்தது பேஆஃப். எக்ஸ்பைரி அன்று நிஃப்டி ஒரு குறிப்பிட்ட விலையில் முடிந்தால் எல்லா லெக்கும் சேர்ந்து எவ்வளவு தரும் என்பது. கால் என்றால் விலையிலிருந்து ஸ்ட்ரைக்கைக் கழிக்க வேண்டும், அது சுழியத்துக்குக் கீழே போனால் சுழியம். யாராக இருந்தாலும் முதலில் `MAX(0, விலை - ஸ்ட்ரைக்)` என்றுதான் எழுதுவோம். ஒரு லெக்குக்கு அது சரியாக வேலை செய்யும். ஆறு லெக்கையும் ஒரே செல்லில் கூட்ட `SUMPRODUCT`-க்குள் அதைப் போட்டால் கதை கெடும். `MAX` வரிசை வரிசையாகப் பார்ப்பதில்லை. கொடுத்த மொத்தப் பட்டியலிலும் பெரிய எண் எதுவோ அதை மட்டும் ஒன்றாகத் திருப்பித் தரும், அந்த ஒரே எண் எல்லா லெக்குக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 25200 காலை 130-க்கு வாங்கி, 25400 காலை 58-க்கு விற்ற ஒரு சாதாரண ஸ்ப்ரெட்டைப் போட்டுப் பாருங்கள். `MAX` போட்ட ஷீட்டில் நிஃப்டி எங்கே போனாலும் -72 புள்ளி என்றே நிற்கும். வாங்கியதற்கும் விற்றதற்கும் ஒரே எண் போய் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் கொடுத்த பிரீமியம் மட்டுமே மிஞ்சுகிறது. படம் தட்டையான கோடாக வந்தால் இதுதான் காரணம். `MAX`-ஐத் தூக்கிவிட்டு ஒப்பீட்டைப் பெருக்கலாக எழுதினால் சரியாகிவிடும். விலை `H5`-இல் இருக்கிறது என்று வைத்து, `I5`-இல்:

```
=IF(H5="","",ROUND(SUMPRODUCT($F$5:$F$10*(
 ($A$5:$A$10="CE")*(H5>$C$5:$C$10)*(H5-$C$5:$C$10)
+($A$5:$A$10="PE")*(H5<$C$5:$C$10)*($C$5:$C$10-H5)
+($A$5:$A$10="FUT")*H5
-$E$5:$E$10))*$B$1-$B$2,2))
```

நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது நாலே வரிதான். கால் எவ்வளவு தரும், புட் எவ்வளவு தரும், ஃபியூச்சர் எவ்வளவு தரும், அதில் கொடுத்த விலை போக மிச்சம். குறியோடு கூடிய லாட் எண்ணிக்கை வெளியே நின்று பெருக்குவதால், விற்ற லெக்குக்கு எல்லாம் தானாகத் திரும்பிக்கொள்ளும்.

இப்போது H பத்தியில் எந்தெந்த விலைகளைப் போடுவது என்ற கேள்வி. முதலில் நான் செய்தது பலரும் செய்வதுதான். 24500-இல் தொடங்கி 26000 வரை 50 புள்ளிக்கு ஒரு வரிசை. படம் வரைய இது போதும். பிரேக்ஈவனுக்கும் அதிகபட்ச நஷ்டத்துக்கும் போதாது. இரண்டு உதாரணம் வைத்துச் சொல்கிறேன். பிரீமியங்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.

முதலாவது ஒரு அயர்ன் காண்டர். 24600 புட்டை 42-க்கு வாங்கி, 24800 புட்டை 78-க்கு விற்று, 25300 காலை 85-க்கு விற்று, 25500 காலை 38-க்கு வாங்கியது. கையில் வரும் பிரீமியம் 83 புள்ளி. 50 புள்ளி வரிசையில் 24700-இல் -17, 24750-இல் +33. அதாவது பிரேக்ஈவன் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். வரிசையை ஒரு புள்ளிக்கு ஒன்று என்று நெருக்கினால் 1500 வரிசை ஆகும், வேறு வியூகத்துக்குப் போனால் அதையும் நகர்த்த வேண்டும்.

இரண்டாவதுதான் உண்மையில் ஆபத்தானது. 25200 காலில் ஒரு லாட்டை 130-க்கு வாங்கி, 25400 காலில் இரண்டு லாட்டைத் தலா 58-க்கு விற்ற ரேஷியோ ஸ்ப்ரெட். கொடுத்தது நிகரமாக 14 புள்ளி. வரிசை 26000-இல் நிற்கும்போது ஷீட்டில் அதிகபட்ச நஷ்டம் 26,910 ரூபாய் என்று வந்தது. வரிசையை 27000 வரை நீட்டினால் அதே பொசிஷனுக்கு 91,910. விற்ற ஒரு கால் மூடப்படாமல் நிற்கிறது, அதற்கு மேலே எல்லையே இல்லை. ஷீட் சொன்னது பொசிஷனின் அதிகபட்ச நஷ்டத்தை அல்ல, நான் வரிசையை நிறுத்திய இடத்தில் வந்த நஷ்டத்தை. `MIN` ஃபார்முலாவுக்கு அது தெரியாது.

சரி, அந்த வரிசையையே தூக்கிவிடலாம் என்று தோன்றியது, காகிதத்தில் பேஆஃப் கோட்டைக் கையால் வரைந்து பார்த்தபோதுதான். எக்ஸ்பைரி அன்று கோடு மடிவது ஸ்ட்ரைக்குகளில் மட்டும்தான். இரண்டு ஸ்ட்ரைக்குக்கு நடுவில் அது வளையாத நேர்கோடு. ஆகவே சுழியம், ஒவ்வொரு ஸ்ட்ரைக், கடைசி ஸ்ட்ரைக்குக்கு அப்பால் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற ஒரு எண், இவ்வளவு தெரிந்தால் முழுப் பொசிஷனும் தெரிந்துவிடும். நாலு லெக்குக்கு ஐந்து விலை போதும், ஆயிரம் வரிசை வேண்டாம். `H5`-இல் 0 என்று தட்டிவிட்டு, `H6`-இல்:

```
=SORT(UNIQUE(FILTER($C$5:$C$10,$C$5:$C$10>0)))
```

இது தானாகக் கீழே விரியும், அதிகபட்சம் `H11` வரை. `H12`-ஐக் காலியாக விட வேண்டும், பிறகு அது தேவைப்படும். இந்தச் செயல்கள் இல்லாத பழைய எக்செல் என்றால் `H6`-இல் `=IFERROR(SMALL($C$5:$C$10,ROW()-5),"")` என்று எழுதிக் கீழே இழுத்தால் போதும். ஒரே ஸ்ட்ரைக் இரண்டு முறை வந்தாலும் கணக்குப் பெரும்பாலும் கெடாது. I பத்தியை ஐந்திலிருந்து பதினொன்று வரை இழுத்துவிடலாம்.

கடைசி ஸ்ட்ரைக்குக்கு மேலே எல்லாக் காலும் உயிரோடு இருக்கும், எல்லாப் புட்டும் செத்திருக்கும். அதனால் அந்தச் சாய்வு என்பது வாங்கிய கால்களிலிருந்து விற்ற கால்களைக் கழித்து, ஃபியூச்சரைக் கூட்டியது. `K1`-இல் வைத்தேன், நிஃப்டி ஒரு புள்ளி ஏறினால் எத்தனை ரூபாய் என்ற கணக்கில்:

```
=SUMPRODUCT($F$5:$F$10*(($A$5:$A$10="CE")+($A$5:$A$10="FUT")))*$B$1
```

காண்டருக்கு இது 0. ரேஷியோவுக்கு -65. இந்த ஒரு எண்தான் ஷீட்டிலேயே முக்கியமானது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு வியூகத்தைத் தட்டியதும் மற்றதைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்கிறேன். கழித்தல் குறி இருந்தால் மேல்பக்கம் திறந்து கிடக்கிறது.

பிரேக்ஈவன் பத்தி J. அடுத்தடுத்த இரண்டு விலைகளில் ஒன்று லாபமாகவும் மற்றது நஷ்டமாகவும் இருந்தால், நடுவில் கோடு சுழியத்தை வெட்டுகிறது. நேர்கோடு என்பதால் வெட்டும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். கடைசி ஸ்ட்ரைக்குக்கு அடுத்து விலை இல்லை, அங்கே மட்டும் `K1`-ஐ வைத்துப் பார்க்க வேண்டும்:

```
=IF(H5="","",IF(I5=0,H5,
 IF(H6="",IF(I5*$K$1<0,ROUND(H5-I5/$K$1,2),""),
 IF(I5*I6<0,ROUND(H5-I5*(H6-H5)/(I6-I5),2),""))))
```

காண்டருக்கு 24717, 25383. ரேஷியோவுக்கு 25214, 25586. கையால் போட்டுப் பார்த்தாலும் இதேதான். காண்டரில் 24800-இலிருந்து 83-ஐக் கழிக்க வேண்டும், 25300-இல் 83-ஐக் கூட்ட வேண்டும்.

`I5=0` என்ற பகுதி எதற்கு என்று கேட்கலாம். பிரேக்ஈவன் சரியாக ஒரு ஸ்ட்ரைக்கின் மேலேயே விழுந்தால், ஒரு பக்கப் பெருக்குத்தொகையும் சுழியத்துக்குக் கீழே போகாது, அந்தப் பிரேக்ஈவன் பட்டியலிலேயே வராமல் போய்விடும். I பத்தியில் `ROUND` வைத்ததும் இதற்காகத்தான், தசமப் பிசிறு இருந்தால் 0 என்பது 0 ஆக இருக்காது. பிரீமியம் சரிக்குச் சரியாக வந்த ரேஷியோவில் 0-வும் முதல் ஸ்ட்ரைக்கும் இரண்டும் பட்டியலில் வரும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் தப்பில்லை, அந்த இடைவெளி முழுவதும் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே செல்லில் பார்க்க `=TEXTJOIN(" / ",TRUE,J5:J11)`.

அதிகபட்ச நஷ்டம் இப்போது சுலபம்:

```
=IF($K$1<0,"வரம்பில்லை",
 IF(MIN(I5:I11)>=0,"விலையைப் பார்",MIN(I5:I11)))
```

காண்டருக்கு -7,605 (117 புள்ளி, லாட் அளவு 65). ரேஷியோவுக்கு வரம்பில்லை. அதிகபட்ச லாபத்துக்கு இதையே திருப்பிப் போட்டு `MAX` வைத்தால் காண்டருக்கு 5,395, ரேஷியோவுக்கு 12,090.

நடுவில் இருக்கும் "விலையைப் பார்" எதற்கென்றால், எங்கே முடிந்தாலும் நஷ்டமே இல்லை என்று ஒரு பொசிஷன் காட்டினால், தொண்ணூறு சதவீதம் உள்ளே போட்ட விலைதான் பழையது. ஆப்ஷன் செயினில் ஓரத்து ஸ்ட்ரைக்குகளின் கடைசி விலை எப்போதோ நடந்த வியாபாரத்தின் விலையாக இருக்கும். வாங்கும் லெக்குக்கு ஆஸ்க், விற்கும் லெக்குக்கு பிட் போட்டால் அந்த இனாம் லாபம் மறைந்துவிடும்.

மூன்று வகை லெக்கையும் ஒரே அடியில் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். 25000 புட்டை 110-க்கு வாங்கி, 25000 காலை 165-க்கு விற்று, ஃபியூச்சரை 25052-க்கு வாங்கியதாகப் போட வேண்டும். நிஃப்டி எங்கே போனாலும் 3 புள்ளி, அதாவது 195 ரூபாய். எல்லா வரிசையிலும் 195 வர வேண்டும், `K1` சுழியமாக வேண்டும், பிரேக்ஈவன் காலியாக இருக்க வேண்டும், அதிகபட்ச நஷ்டத்தில் "விலையைப் பார்" என்று வர வேண்டும். ஃபார்முலாவில் எதைத் தொட்டாலும் அப்புறம் இதை ஒருமுறை ஓட்டிவிடுகிறேன். 0-விலும் 25000-இலும் காலுக்கு மதிப்பே இல்லை என்பதால், அதையும் சோதிக்க `H7`-இல் 26000 என்று தட்டிவிட்டு, முடிந்ததும் அழித்துவிடுகிறேன். ஒரு குறி மாறியிருந்தாலும் ஏதாவது ஒரு வரிசையில் 195 வராது. சோதிக்கும்போது `B2`-ஐ 0 ஆக வைக்க மறக்கக் கூடாது.

"வரம்பில்லை" என்பது உண்மைதான், ஆனால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அதேபோல் 24800 புட்டை 78-க்கு மூடாமல் விற்றால் அதிகபட்ச நஷ்டம் 16,06,930 ரூபாய் என்று வரும், நிஃப்டி சுழியத்துக்குப் போனால். கணக்குச் சரி, உபயோகம் கொஞ்சம்தான். ஆகவே பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்தேன். ஸ்பாட் இத்தனை சதவீதம் நகர்ந்தால் எவ்வளவு என்று. சதவீதத்தை மனத்தில் தோன்றியபடி எடுக்காமல் நடந்ததிலிருந்து எடுத்தேன். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி ஏறக்குறைய 6% விழுந்தது. 2009 மே 18, அதுவும் தேர்தல் முடிவுக்குப் பின் வந்த திங்கட்கிழமை, 17%-க்கு மேல் ஏறி வர்த்தகமே நிறுத்தப்பட்டது. மேலே போகும் ஆபத்தை மறந்துவிடுபவர்களுக்கு இரண்டாவது நாள் நல்ல அளவுகோல்.

ஸ்பாட் 25050 என்று வைத்து ரேஷியோவை அதில் ஓட்டினால், 6% ஏறினால் நிஃப்டி 26553, நஷ்டம் 62,855 ரூபாய். 17% ஏறினால் நஷ்டம் ஏறக்குறைய 2.42 லட்சம். கீழே எவ்வளவு விழுந்தாலும் 910 ரூபாய்தான். 12,090 ரூபாய் அதிகபட்ச லாபத்துக்குப் பக்கத்தில் இந்த எண்கள் உட்கார்ந்திருப்பது நல்லது. காண்டருக்கு இந்த இரண்டு சதவீதத்தில் எதைப் போட்டாலும், ஏறினாலும் விழுந்தாலும் அதே 7,605 நஷ்டம்.

செலவு விஷயம். நாலு லெக்குக்குப் புரோக்கரேஜ், ஜிஎஸ்டி, எஸ்டிடி, ஸ்டாம்ப் எல்லாம் சேர்த்து 150 ரூபாய் என்று `B2`-இல் போட்டால், ஒரு லாட்டுக்கு அது 2.3 புள்ளி. காண்டரின் பிரேக்ஈவன் 24719.31-க்கும் 25380.69-க்கும் உள்ளே வந்துவிடும், அதிகபட்ச நஷ்டம் 7,755 ஆகும். ஐந்து லாட் போட்டால் புரோக்கரேஜ் ஆர்டருக்கு ஒன்றுதான், அதனால் ஒரு லாட்டின் பங்கு குறையும். இதற்காகத்தான் செலவைப் புள்ளியில் வைக்காமல் மொத்த ரூபாயில் வைத்தேன். ஆனால் இன்-தி-மணியில் முடியும் வாங்கிய லெக்குக்கு எக்ஸ்பைரியில் விழும் எஸ்டிடி, அது எவ்வளவு உள்ளே போயிருக்கிறதோ அதைப் பொறுத்து ஏறும். இந்த ஷீட்டில் செலவு எல்லா விலைக்கும் ஒன்றே. விகிதமும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொள்கிறேன்.

இந்த ஷீட் செய்யவே கூடாத வேலை ஒன்று உண்டு. கேலண்டர் ஸ்ப்ரெட். இந்த வாரக் காலை விற்று அடுத்த மாதக் காலை வாங்கினால், இந்த வாரம் முடியும் நாளில் தூரத்து லெக்கில் இன்னும் நேர மதிப்பு மிச்சம் இருக்கும். கோடு அங்கே நேர்கோடே இல்லை, வளைவு. அதை ஸ்ட்ரைக்குகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, வொலட்டிலிட்டியை ஊகித்தாக வேண்டும். ஆகவே G பத்தியில் எக்ஸ்பைரித் தேதியைச் சேர்த்து, ஒன்றுக்கு மேல் இருந்தால் சிவப்பாக நிற்கும்படி `K2`-இல் `=IF(COUNTUNIQUE(G5:G10)>1,"கேலண்டர் - நம்பாதே","")` என்று வைத்தேன். தனிப் பங்குகளின் ஆப்ஷனுக்கும் எச்சரிக்கை வேண்டும். நிஃப்டி ஆப்ஷன் பணமாகத் தீர்க்கப்படுகிறது, பங்கு ஆப்ஷன் 2019-இலிருந்து பங்காகவே கைமாறுகிறது. பேஆஃப் எண் சரியாகவே இருந்தாலும், அந்த நாளில் கணக்கில் இருக்க வேண்டிய பணம் வேறு தொகை. இன்னொன்று, நிஃப்டி எக்ஸ்பைரி விலை கடைசி அரைமணி நேரத்தின் சராசரி. மூன்றரைக்குத் திரையில் நிற்கும் எண்ணைத் தட்டி முடிவைப் பார்த்தால் பிரேக்ஈவன் பக்கத்தில் இருக்கும்போது ஏமாறுவோம்.

மறுபடி முதலிலிருந்து செய்தால் லெக்குகளை ஒரு வியூகத்துக்கு ஒரு தாள் என்று வைக்க மாட்டேன். இப்போது ஒப்பிட வேண்டுமென்றால் தாளை நகலெடுத்து, முதல் தாளில் பெயர், பிரேக்ஈவன், அதிகபட்ச நஷ்டம், 6% நகர்வு, 17% நகர்வு என்று ஒரு வரிசையில் இழுத்து வைக்கிறேன். ஏழெட்டுத் தாள் ஆனதும் ஒரு ஃபார்முலாவைத் திருத்தினால் எல்லாவற்றிலும் திருத்த வேண்டியிருக்கிறது. எல்லா லெக்கையும் ஒரே தாளில், முன்னால் வியூகத்தின் பெயரோடு எழுதிவிட்டு, `SUMPRODUCT`-இல் பெயரையும் ஒரு நிபந்தனையாகப் பெருக்கினால் இந்தத் தொல்லை இருக்காது. அடுத்த மாத எக்ஸ்பைரிக்கு முன்னால் அதைச் செய்துவிட வேண்டும்.